நீண்ட லீவும் வருட டார்கெட்டும்: கோல் செட்டிங்கில் நாம் செய்யும் தவறுகள்

பத்து வார லீவு. மாதக்கணக்கில் முன்பே சொல்லி, போர்ட்டலில் போட்டு, ஒப்புதலும் வாங்கியாகிவிட்டது. வருடக் கடைசியில் அப்ரைசலுக்குப் போய் உட்கார்ந்தால், டார்கெட் 60, முடித்தது 41. "பத்து வாரம் லீவில் இருந்தேனே சார்?" என்றேன். "லீவு எனக்குத் தெரியும்பா. ஆனா ஷீட்ல 60தானே இருக்கு? கோல் போடும்போதே சொல்லியிருக்கலாமே" என்றார் மேனேஜர். அவர் மேல் கோபம் வந்தது. பிற்பாடு நானே மேனேஜராகி அதே பதிலை இன்னொருவருக்குச் சொல்ல நேர்ந்தபோதுதான், அவர் பேச்சில் இருந்த நியாயம் புரிந்தது.

லீவு ஒப்புதல் ஒரு பக்கம், கோல் ஷீட் இன்னொரு பக்கம். பெரும்பாலான இடங்களில் இரண்டுக்கும் தொடர்பே கிடையாது. லீவு பதிவானால் சம்பளக் கணக்கு மாறும். டார்கெட் தானாக மாறாது. ரேட்டிங் முடிவு செய்ய மேனேஜர்கள் கூடி உட்காரும்போது எல்லோர் முன்னாலும் இருப்பது சதவீதப் பட்டியல். அதில் 68% என்று நிற்கிற பெயருக்குப் பின்னால் ஒரு லீவு இருக்கிறது என்று உங்கள் மேனேஜர் வாய் திறந்து சொல்ல வேண்டும். அந்த அறையில் அது சாக்காகத்தான் கேட்கும். அதனால் "லீவு அப்ரூவ் ஆகிவிட்டதே" என்று சும்மா இருப்பதுதான் முதல் தவறு. கோல் போட்ட பிறகு லீவு முடிவானால், ஒப்புதல் வந்த வாரமே டார்கெட்டைத் திருத்தக் கேளுங்கள். அதற்கு வழி இல்லையென்றால் அரையாண்டு மதிப்பாய்வில் கேட்கலாம். லீவு முடிந்து வந்த பிறகு கேட்டால் அது பேரமாகிவிடும்.

அடுத்தது, பேச்சை மொட்டையாக ஆரம்பிப்பது. "நான் கொஞ்ச நாள் இருக்கமாட்டேன், டார்கெட்டைக் குறைத்துக் கொடுங்கள்" என்றால் மேனேஜருக்குப் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. "பார்த்துக்கலாம்" என்பார். அந்தப் "பார்த்துக்கலாம்" எந்த ஷீட்டிலும் ஏறாது. எத்தனை வாரம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த எண் எவ்வளவாக மாற வேண்டும் என்று கணக்கோடு போக வேண்டும். காரணத்தை விளக்குவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். லீவு ஏற்கெனவே ஒப்புதல் ஆனது. இங்கே பேச்சு டார்கெட்டைப் பற்றி மட்டும்.

கணக்கில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், பெரும்பாலும் தனக்கே பாதகமாக. என் கதையையே எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 60 புது வாடிக்கையாளர்கள். 52 வாரத்தில் பொது விடுமுறையும் வழக்கமான லீவும் சேர்ந்து ஐந்து வாரம் போய்விடும். ஆக 60 என்பது 47 வார வேலைக்கான எண். அதில் பத்து வாரம் கழித்தால் 37. அறுபதை 47-ஆல் வகுத்து 37-ஆல் பெருக்கினால் டார்கெட் சுமார் 47 வருகிறது. (இந்தப் பத்தில் மூன்று வாரம் உங்கள் வழக்கமான லீவிலிருந்தே போகிறது என்றால் ஏழைத்தான் கழிக்க வேண்டும். அந்த மூன்று வாரம் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. மேனேஜர் இதைக் கண்டுபிடித்தால் மற்ற எண்களையும் சந்தேகப்படுவார்.)

சரி, 47 நியாயமான டார்கெட்டா? இல்லை. விற்பனையில் முதல் பேச்சிலிருந்து கையெழுத்து வரை நாளாகும். எங்கள் வேலையில் சுமார் ஆறு வாரம். நான் 30-ஆவது வாரத்திலிருந்து 39 வரை இல்லை. கிளம்புவதற்கு முந்தைய ஆறு வாரத்தில், அதாவது 24 முதல் 29 வரை, நான் தொடங்கிய பேச்சுகள் 30-க்கும் 35-க்கும் நடுவில் முடிந்தன. கையெழுத்து வாங்கியது சக ஊழியர், கணக்கும் அவர் பெயரில் ஏறியது. லீவில் நான் எந்தப் புதுப் பேச்சும் தொடங்கவில்லை என்பதால் 36 முதல் 45 வரை முடிவதற்கு ஒன்றுமே இல்லை. நான் 40-ஆவது வாரமே திரும்பி வந்துவிட்டேன், ஆனால் முதல் கையெழுத்து 46-இல்தான் வந்தது. லீவு பத்து வாரம். என் பெயரில் எதுவும் ஏறாத காலம் பதினாறு வாரம். 47 வேலை வாரத்தில் 16 போக 31 வாரம், அதற்கு டார்கெட் சுமார் 40. நான் முடித்தது 41! இந்தக் கணக்கை வருடத் தொடக்கத்தில் போட்டிருந்தால் அந்த வருடம் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "நான் தொடங்கியதை இன்னொருவர் முடித்தால் அது யார் கணக்கில்?" என்பது. முழுக்க உங்கள் கணக்கு என்றால் 47-ஐ ஏற்கலாம். முழுக்க அவர் கணக்கு என்றால் 40. ஆளுக்குப் பாதி என்றால் நடுவில் 43, 44. எதுவானாலும் உங்கள் வேலையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரையும் வைத்துக்கொண்டு பேசுங்கள், அவர் டார்கெட்டும் இதில் மாறும். இன்னொன்று, லீவு வருடக் கடைசியில் வந்தால் இந்தப் பள்ளத்தின் ஒரு பகுதி அடுத்த வருடத்தில் விழும். அதே லீவு 41 முதல் 50 வரை என்றால், அடுத்த வருடத்தின் முதல் நாலு வாரம் காலியாகத்தான் இருக்கும். அடுத்த கோல் செட்டிங்கிலும் இதே பேச்சை எடுக்க வேண்டியிருக்கும், யாரும் எடுப்பதில்லை.

எல்லாக் கோலையும் ஒரே விகிதத்தில் குறைக்கக் கேட்பதும் தவறுதான். எண்ணிக்கைக் கோல் குறையும். "வாடிக்கையாளர் திருப்தி 90%" போன்றதைக் குறைக்க வேண்டியதில்லை. இல்லாத மாதங்களைக் கணக்கிலிருந்து விலக்கினால் போதும். விலக்காவிட்டால் சில ஷீட்டுகள் காலி மாதத்தைப் பூஜ்யமாக எடுத்துச் சராசரியைக் கவிழ்த்துவிடும். "இந்தத் தேதிக்குள் புது முறையை அமல்படுத்துவது" மாதிரியான கோலுக்கு ஒன்று தேதி தள்ள வேண்டும், இல்லை உங்கள் பங்கு எதுவரை என்று பிரிக்க வேண்டும்.

நல்ல பெயர் வாங்கும் ஆசையில் "கிளம்புறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் முடிச்சிடறேன் சார்" என்று சொல்கிறவர்களும் உண்டு. கடைசி ஆறு வாரம் பாதி ஹேண்ட்ஓவரிலேயே போய்விடும். சொல்லாதீர்கள்.

பேசி முடிந்ததும் கோல் ஷீட்டின் குறிப்புப் பகுதியில் இப்படி ஒரு வரி ஏற வேண்டும்: "30 முதல் 39-ஆவது வாரம் வரை ஒப்புதல் பெற்ற லீவு. அதனால் டார்கெட் 60-இலிருந்து 44. லீவுக்கு முன் தொடங்கி லீவில் முடிபவை இருவருக்கும் பாதிப் பாதி." குறிப்புப் பகுதி இல்லையென்றால், அன்றைக்கே மேனேஜருக்கு ஒரு மெயில், ஹெச்.ஆருக்கும் ஒரு பிரதி. நடு வருடத்தில் மேனேஜர் மாறினால், புதியவர் வந்த முதல் வாரத்திலேயே அந்த மெயிலை அவருக்கு அனுப்பிவிடுங்கள்.