நடுநிலைப் பதிலை எங்கே வைப்பது? இருபக்கப் பட்டை வரைபடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘முற்றிலும் மறுக்கிறேன்’ முதல் ‘முற்றிலும் ஏற்கிறேன்’ வரை ஐந்து படிகளில் பதில் வாங்கும் கணக்கெடுப்புக்கு இருபக்கப் பட்டை வரைபடம் நன்றாகப் பொருந்தும். மறுப்பு இடப்பக்கம், ஏற்பு வலப்பக்கம். சிக்கல் நடுநிலையில்தான்.

கொழிஞ்சாம்பாறையில் 80 பஸ் பயணிகளிடம் கேட்டதாக வைத்துக்கொள்வோம். ‘பாலக்காடு பஸ் காலையில் நேரத்துக்கு வருகிறது’ என்ற வாசகத்துக்கு ஐந்து படிகளிலும் முறையே 12, 20, 24, 16, 8 பேர். ‘பஸ் போர்டில் தமிழும் இருக்கிறது’ என்பதற்கு 8, 24, 8, 24, 16 பேர். இரண்டிலும் மறுத்தவர்கள் 32 பேர், அதாவது 40%.

பலரும் நடுநிலையைப் பாதியாக வெட்டிப் பூஜ்யக் கோட்டின் இருபுறமும் வைக்கிறார்கள். அப்போது முதல் பட்டை இடப்பக்கம் 55 வரை நீளும் (40 + 15), இரண்டாவது 45-இல் நின்றுவிடும். மறுப்பு ஒரே அளவுதான் என்றாலும், பஸ் நேரத்தைப் பாதிக்கு மேற்பட்டோர் குறை சொன்னதுபோல் தெரியும். எல்லா வாசகங்களிலும் நடுநிலை ஏறக்குறைய ஒரே அளவென்றால் பாதகமில்லை. இங்கே 30%, 10% என்று விலகி நிற்கிறது.

நடுநிலையைத் தூக்கி எறிவது அதைவிட மோசம். மீதிப் பேரை வைத்துச் சதவீதம் போட்டால் அதே 32 பேர் முதலாவதில் 57%, இரண்டாவதில் 44% ஆகிவிடுவார்கள். வகுக்கும் எண் எப்போதும் 80-ஆகவே இருக்கட்டும். நடுநிலையைச் சாம்பல் நிறத்தில் வலது ஓரத்தில் தனிப் பட்டையாக, அதே அளவுகோலில் வையுங்கள். பெரிய வரைபடம் −60 முதல் 60 வரை ஓடினால், 0 முதல் 60 வரை போகும் ஓரப் பட்டைக்கு அதில் பாதி அகலம் தர வேண்டும். அந்த பஸ்ஸிலேயே ஏறாதவரின் ‘தெரியாது’ நடுநிலை ஆகாது. கேள்வித்தாளிலேயே அதற்குத் தனிக் கட்டம் தேவை.

எக்செலில் செய்பவர்கள் தடுக்கி விழும் இடம், வரிசை. ஐந்து படிகளும் B முதல் F வரை இருந்தால், மறுப்புக்கான இரு பத்திகளை மட்டும் எதிர்மறையாக்க வேண்டும்:

```
=-C2/SUM($B2:$F2)
```

எதிர்மறை எண்கள் பூஜ்யத்திலிருந்து வெளிநோக்கி அடுக்கப்படும். எனவே ‘மறுக்கிறேன்’ முதலிலும் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ அடுத்தும் வரவேண்டும். கேள்வித்தாள் வரிசையிலேயே விட்டால் கடும் மறுப்பு கோட்டை ஒட்டி உட்கார்ந்துகொள்ளும். நிறத்தைப் பார்த்தால் உடனே பிடிபடும்: அடர்நிறம் இருபக்கமும் வெளி ஓரத்தில் இருக்க வேண்டும். நிற விளக்கத்தின் வரிசையும் இதனால் குலையும்; அதை நீக்கிவிட்டு மேலே கையாலேயே எழுதிவிடுவது நல்லது.

அச்சில் −40% என்று வருவதை `0%;0%` என்ற எண் வடிவம் சரிசெய்யும். வாசகங்கள் பட்டைமீது ஏறி நின்றால் Label Position-ஐ Low ஆக்குங்கள், இடது ஓரத்துக்குப் போய்விடும்.

இவ்வளவு செய்தாலும் வெளி ஓரத்துத் துண்டுகளைக் கண்ணால் ஒப்பிடுவது கடினம், அவை பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. ‘முற்றிலும் ஏற்கிறேன்’ என்றவர்கள்தான் உங்கள் கேள்வி என்றால், 10%, 20% என்று அவர்களை மட்டும் சாதாரணப் பட்டையாகப் போடுங்கள்.