சுழலும் சைக்கிள் சக்கரத்தைக் கவிழ்த்தால் ஸ்டூலில் இருப்பவர் சுற்றுவார்: வீட்டிலேயே செய்து பார்க்கும் முறை

பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகளுக்குக் கோண உந்தம் பாடம் வந்தபோது, புத்தகத்தில் இருந்த படத்தைக் காட்டி, "மாமா, இது நிஜமா நடக்குமா?" என்று கேட்டாள். ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் செய்து பார்த்தோம். நடந்தது. ஆனால் முதல் நாள் நடக்கவில்லை, அதற்கான காரணத்தையும் கீழே சொல்கிறேன்.

சக்கரம்

பழைய 26 இஞ்ச் சைக்கிளின் முன்சக்கரம் போதும். டயர் அதிலேயே இருக்கட்டும். எடை ஓரத்தில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தெருமுனை சைக்கிள் கடையில் கொடுத்து மூன்று வேலைகள் செய்யச் சொல்லுங்கள். முதலில் கோட்டம் எடுக்க வேண்டும். அப்புறம் பால்ரஸைக் கழுவிப் புது கிரீஸ் வைக்க வேண்டும். கடைசியாக, இருக்கும் அச்சை எடுத்துவிட்டு நீளமான அச்சாகப் போட வேண்டும். முன்சக்கர அச்சு இரண்டு கையாலும் பிடிக்கும் அளவுக்கு நீளமாக இருக்காது. புது அச்சின் இரு முனையிலும் மரக்கைப்பிடியோ, குழாய்த்துண்டோ அசையாமல் பொருத்துங்கள். கடற்காற்று படும் வீட்டில் பல மாதம் கிடந்த சக்கரம் என்றால் கிரீஸ் வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். துரு ஏறிய பால்ரஸில் சக்கரம் பத்து வினாடிகூட வேகத்தைத் தக்கவைக்காது.

ஸ்டூல்

கைப்பிடி இல்லாத சுழல் ஸ்டூல் வேண்டும். காலைத் தூக்கி உட்கார்ந்துகொண்டு, யாரையாவது லேசாக ஒரு தள்ளு தள்ளச் சொல்லுங்கள். இரண்டு சுற்றாவது தானாகப் போக வேண்டும். அரைச் சுற்றில் நின்றுவிட்டால் அந்த ஸ்டூல் உதவாது. அடியில் உருளைகள் இருந்தால் ரப்பர் விரிப்பின் மேல் வையுங்கள்.

எங்கள் முதல் நாள் சொதப்பியது இங்கேதான். இடம் தாராளமாக இருக்கிறதே என்று மொட்டை மாடிக்குப் போனோம். சக்கரத்தைக் கவிழ்த்ததும் அவள் கால் சுற்று திரும்பினாள், பிறகு அப்படியே பழைய இடத்துக்கு ஊசலாடி வந்து நின்றாள். மாடியில் மழைத்தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் விட்டிருப்பார்கள் அல்லவா? அந்தச் சரிவில் ஸ்டூலும் சாய்ந்திருந்தது. சக்கரத்தை முன்னால் நீட்டிப் பிடித்தவரின் எடை எப்போதும் பள்ளமான பக்கத்துக்கே போகப் பார்க்கும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. சுற்றாத சக்கரத்தைப் பிடித்தபடி காலைத் தூக்குங்கள். ஸ்டூல் தானாகத் திரும்பினால் தரை சரியில்லை. கொத்தனாரின் ரசமட்டம் கிடைத்தால் அதை வைத்தும் பார்க்கலாம். நாங்கள் ஹாலுக்கு மாறியதும் சிக்கல் தீர்ந்தது.

செய்முறை

1. உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். அச்சு செங்குத்தாக, ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயும் இருக்கட்டும். பின்னலையும் துப்பட்டாவையும் முதலில் கட்டிவிடுங்கள், ஸ்போக்ஸ் கம்பி பக்கம் விரல் போகக் கூடாது.

2. தரையில் நிற்கும் இன்னொருவர் சக்கரத்தைச் சுற்றிவிடட்டும். மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராக, வினாடிக்கு மூன்று சுற்று போதும். காலைத் தூக்கிக்கொண்டு நீங்களே சுற்றிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் அப்போதே நீங்கள் எதிர்ப்பக்கம் திரும்பத் தொடங்கிவிடுவீர்கள், கணக்கு வேறாகிவிடும்.

3. ஸ்டூல் அசையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காலைத் தூக்குங்கள். இதுவரை ஒன்றும் நடக்காது.

4. இப்போது மேல் கை கீழே வரும்படி, நிதானமாக இரண்டு வினாடியில் சக்கரத்தைக் கவிழுங்கள்.

நீங்கள் இடஞ்சுழியாகச் சுற்றத் தொடங்குவீர்கள். இடப்பக்கமாகச் சாய்த்துக் கவிழ்த்தாலும் வலப்பக்கமாகக் கவிழ்த்தாலும் அதே திசைதான். அக்கா மகள் இதைத்தான் நம்பவில்லை, நாலைந்து முறை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாள்.

கையில் என்ன தெரியும்?

சாய்ப்பதில் பாதி தூரம் வந்ததும், அச்சு கிடையாக இருக்கும் நொடியைக் கவனியுங்கள். சக்கரம் உங்கள் வலக்கையை முன்னுக்குத் தள்ளும், இடக்கையைப் பின்னுக்குத் தள்ளும். உங்களைத் திருப்புவது இந்த ஜோடி விசைதான், வேறு எதுவும் வந்து திருப்பவில்லை. கைகளுக்கு நடுவே 30 செ.மீ. இடைவெளி, கவிழ்க்க 2 வினாடி என்றால், இரண்டு கையிலும் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 1.3 கிலோ எடைக்குச் சமமான விசை வரும். அரை வினாடியில் வெடுக்கென்று கவிழ்த்தால் அதுவே 5 கிலோவைத் தாண்டும். கவிழ்க்கத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அந்த விசை உங்களை முன்னே பின்னே சாய்க்கப் பார்க்கும். அகலமில்லாத ஸ்டூல் கவிழ்வது அப்போதுதான். நிதானமாக என்று சொன்னது அதனால்.

ஒரு சுற்றுக்கு எத்தனை வினாடி?

தரையோடு ஒட்டாமல் நீங்களும் சக்கரமும் சேர்ந்து சுழலும்போது, மொத்தக் கோண உந்தம் மாறக் கூடாது. முதலில் சக்கரத்திடம் +1 பங்கு, உங்களிடம் 0. கவிழ்த்த பிறகு சக்கரத்திடம் −1. மொத்தம் +1 ஆகவே இருக்க, உங்களிடம் +2 வந்தாக வேண்டும். அதனால்தான் சக்கரம் முதலில் சுற்றிய திசையிலேயே நீங்கள் சுற்றுகிறீர்கள்.

எங்கள் சக்கரத்தில் டயரும் ரிம்மும் சேர்ந்து 1.5 கிலோ, ஆரம் 0.3 மீட்டர். சுழற்றுவது எவ்வளவு கடினம் என்று காட்டும் நிலைமத் திருப்புத்திறன் 1.5 × 0.3 × 0.3 = 0.135. உட்கார்ந்து கையை நீட்டிய ஆளும் ஸ்டூலும் சேர்த்து 2.7 என்று வைத்தேன். இது ஆளுக்கு ஆள் மாறும். சக்கரத்தைப் போல 20 மடங்கு. சக்கரம் நிமிடத்துக்கு 180 சுற்று. இரண்டு பங்கு 360, அதை 20-ஆல் வகுத்தால் நீங்கள் நிமிடத்துக்கு 18 சுற்று. ஒரு சுற்றுக்கு 3.3 வினாடி. நாங்கள் அலைபேசிக் கடிகாரத்தில் அளந்தது 4 வினாடிக்குக் கொஞ்சம் கூட. ஸ்டூலின் உராய்வும், 2.7 என்று நான் வைத்த உத்தேசமும் அந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

பாதியில் நிறுத்தி அச்சைக் கிடையாகவே பிடித்தால் உங்களிடம் ஒரு பங்குதான், வேகமும் பாதிதான். இதையும் ஒருமுறை செய்யுங்கள்.

திருப்பிக் கவிழ்க்கும்போது

கவிழ்த்த உடனே மறுபடி நிமிர்த்தினால் கிட்டத்தட்ட நின்றுவிடுவீர்கள். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நிமிர்த்தினால் நிற்க மாட்டீர்கள், எதிர்த்திசையில், அதாவது வலஞ்சுழியாகத் திரும்புவீர்கள். முதலில் இதைப் பார்த்து நாங்களே தப்பாகச் செய்துவிட்டோமோ என்று நினைத்தோம். தப்பில்லை. உராய்வால் உங்கள் வேகம் 18-லிருந்து 11-க்கு இறங்கியிருக்கும். சக்கரம் அவ்வளவாகக் குறையவில்லை என்றால், நிமிர்த்தும்போது அது திரும்ப எடுத்துக்கொள்வது ஏறத்தாழ அதே 18. பதினொன்றிலிருந்து பதினெட்டு போனால் −7. ஸ்டூல் வழியாகத் தரைக்குப் போன அந்த 7, எதிர்ப்பக்கச் சுழற்சியாக உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது.