நமுத்துப் போன முறுக்கை ஏர் ஃப்ரையரில் மறுபடி மொறுமொறுப்பாக்குவது எப்படி

தீபாவளி முடிந்து பத்து நாள் ஆகியிருக்கும். வெளியே அடைமழை, டப்பாவை ஆளாளுக்குத் திறந்து மூடியதில் அடியில் கிடந்த பதினைந்து தேன்குழலும் நமுத்துவிட்டன. கடித்தால் உடையாமல் பல்லோடு இழுபடுகிறது. மறுபடி எண்ணெயில் போட்டால் இன்னும் எண்ணெய் குடிக்கும். ஏர் ஃப்ரையர் இருந்தால் கால் மணி நேர வேலைதான், ஆனால் நான் முதல் தடவை செய்தபோது ஒரு ஈடு முழுவதையும் கெடுத்தேன், அதனால் அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஃப்ரைஸ் படம் போட்ட பட்டன் இருந்ததே என்று அதை அமுக்கிவிட்டேன். அது 200 டிகிரி. நான்கு நிமிடம் கழித்து ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தால் இன்னும் வளைகிறது, சரி போதவில்லை போல என்று இன்னும் இரண்டு நிமிடம் வைத்தேன். ஆறின பிறகு பார்த்தால் எல்லாம் பழுப்பேறி, எள் கருகி, ஒரே கசப்பு. இதில் இரண்டு தப்பு இருக்கிறது: சூடு அதிகம், அதோடு சூடாக இருக்கும்போதே மொறுமொறுப்பைச் சோதித்தது.

காரணம் புரிந்தால் அளவுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முறுக்கு நன்றாக வெந்து ஈரம் வற்றியதும் அதிலுள்ள மாவுச்சத்து கண்ணாடி மாதிரி இறுகி நிற்கும், அதனால்தான் படக்கென்று உடைகிறது. காற்றிலுள்ள ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறினால் அந்த இறுக்கம் தளர்ந்து ரப்பர் மாதிரி ஆகிவிடும். சூடும் இதே வேலையைச் செய்யும். அதாவது ஈரம் முழுக்கப் போன பிறகும், சூடு இருக்கிற வரை முறுக்கு கொஞ்சம் வளையத்தான் செய்யும், ஆறினால்தான் இறுகும். நாம் செய்ய வேண்டியது ஏறின ஈரத்தை வெளியேற்றுவது மட்டும். அது ஏற்கெனவே வெந்து நிறம் வந்த பண்டம், இனி வேக வேண்டியது எதுவும் இல்லை.

முதலில் மோந்து பாருங்கள். பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தால் அடுப்புப் பக்கமே போக வேண்டாம், தூக்கிப் போடுங்கள். ஈரத்தை விரட்டலாம், கெட்டுப்போன எண்ணெயைத் திருத்த முடியாது, சூடு பட்டால் அந்த வாடை இன்னும் தூக்கலாகத்தான் அடிக்கும். அதே மாதிரி, சுட்ட அன்றே கடக்கு கடக்கு என்று கல்லாக இருந்த முறுக்குக்கும் இதில் வழியில்லை. அது மாவுப் பக்குவத்தில் வந்த கோளாறு.

வாடை இல்லையா, சரி. ஏர் ஃப்ரையரை 120 டிகிரியில் வைத்து மூன்று நிமிடம் காலியாக ஓட விடுங்கள். அப்புறம் கூடையில் முறுக்கை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். என் கூடையில் ஐந்து தேன்குழல்தான் பிடிக்கும், ஆகவே மூன்று ஈடு. எண்ணெய் தடவ வேண்டாம், முறுக்கில் இருக்கிற எண்ணெயே போதும். நான்கு நிமிடம் வையுங்கள். ஃப்ரைஸுக்குச் செய்கிற மாதிரி நடுவில் கூடையைக் குலுக்காதீர்கள், நொறுங்கித் தூளாகிவிடும்.

நான்கு நிமிடம் ஆனதும் மெஷினை நிறுத்திவிட்டு ஒரே ஒரு முறுக்கை மட்டும் வெளியே எடுத்து ஒரு தட்டில் ஐந்து நிமிடம் ஆற விடுங்கள். இப்போது உடைத்துப் பாருங்கள். படக்கென்று சத்தத்தோடு உடைந்தால் முடிந்தது. நடுவில் மட்டும் இழுபட்டால் மற்றதை இன்னும் இரண்டு நிமிடம் வையுங்கள், சூட்டை மட்டும் கூட்டாதீர்கள். கைமுறுக்கு மாதிரி தடிமனான பண்டத்துக்கு ஆறேழு நிமிடம்கூட ஆகும். 140 டிகிரியைத் தாண்டினால் ஈரம் போவதைவிட நிறம் மாறுவது முந்திக்கொள்ளும். கருகப் போவதை முதலில் காட்டிக்கொடுப்பது எள்தான், அதன் மேல் ஒரு கண் வைத்திருங்கள்.

அன்றைக்கு ஒரு ஆர்வத்தில் தராசில் வைத்துப் பார்த்தேன். பதினைந்தும் சேர்த்து சூடாக்கும் முன் 300 கிராம், ஆறின பிறகு 291. ஒன்பது கிராம், அதாவது இரண்டு டீஸ்பூனுக்கும் குறைவான தண்ணீர். மொத்த டப்பாவையும் நமுக்க வைத்தது அவ்வளவுதான்!

ஓமப்பொடி, ரிப்பன் பக்கோடா மாதிரி மெல்லிசான பண்டம் என்றால் ஒரு எச்சரிக்கை. ஏர் ஃப்ரையரின் காற்று வேகத்தில் அவை பறந்து போய் மேலே இருக்கும் சூட்டுக் கம்பியில் ஒட்டிக் கருகும், புகை வரும். கூடவே வந்த சிறிய கம்பி ஸ்டாண்டை அவற்றின் மேல் கவிழ்த்து வைத்தால் அடங்கிக் கிடக்கும். நேரமும் இரண்டு நிமிடம் போதும்.

ஓடிஜி மட்டும்தான் இருக்கிறது என்றால் 130 டிகிரியில் பத்து நிமிடம் சூடேற்றிவிட்டு, மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும் எரிய, நடுத் தட்டில் வையுங்கள். தகரத் தட்டில் நேரடியாகப் பரப்பினால் அடிப்பக்கம் முந்திச் சிவக்கும், அதனால் கம்பி வலை மேல் வைப்பது நல்லது. எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆகும், காற்றைச் சுழற்றும் விசிறி இல்லாததால்தான் இந்தக் கூடுதல் நேரம். சோதிக்கும் முறை அதேதான்.

ஆற வைப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளேயே ஆவி தண்ணீராகி, பட்ட பாடெல்லாம் வீண். அதற்காக மழைக்காலத்தில் ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தாலும் மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கையில் தொட்டால் சூடே தெரியக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு, இருபது நிமிடத்தில் அந்த நிலை வந்துவிடும். உடனே இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். பதினைந்து முறுக்குக்குப் பெரிய தூக்கு எதற்கு? உள்ளே காலி இடம் எவ்வளவோ அவ்வளவு ஈரக் காற்று, சின்ன டப்பாவே சரி.

இதே முறையில் மிச்சமான ஃப்ரைஸையும் சூடாக்கலாமா என்று கேட்டால், கூடாது. முறுக்கில் ஈரம் வெளியிலிருந்து வந்தது, உருளைக்கிழங்கில் அது உள்ளேயே இருக்கிறது. நேரம் ஆக ஆக நடுவிலுள்ள ஈரம் மேல் தோலுக்கு வந்து அதைத் தொளதொளவென்று ஆக்கிவிடுகிறது. 120-இல் வைத்தால் மேலே மொறுமொறுப்பாவதற்குள் உள்ளே காய்ந்து சுள்ளியாகிவிடும். இங்கேதான் அந்தப் பெரிய சூடு வேண்டும்: 190 டிகிரி, ஒரே அடுக்கு, மூன்றிலிருந்து நான்கு நிமிடம், பாதியில் ஒரு தடவை குலுக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்து ரொம்பக் காய்ந்த மாதிரி இருந்தால் அரை டீஸ்பூன் எண்ணெய் பிசறிக்கொள்ளலாம். முறுக்குக்கு நேர் எதிராக, இதை எடுத்த கையோடு சாப்பிட்டுவிட வேண்டும், பத்து நிமிடம் வைத்திருந்தால் பழையபடி தொய்ந்துவிடும்.