வெடிச்சத்தம் அடங்கி வசனம் கேட்க: கம்ப்ரஸரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு வீடுகளில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே ஒரு சுவர்தான். காசிமேட்டுக்கு விடியும் முன்னே கிளம்ப வேண்டியவர் அந்தப் பக்கம் தூங்குவார். இங்கே படம் பார்ப்பவர் வசனத்துக்குச் சத்தத்தைக் கூட்டுவதும், வெடித்ததும் பதறிக் குறைப்பதுமாக ரிமோட்டைக் கையிலேயே வைத்திருப்பார். VLC பிளேயரில் இதற்கு வழி உண்டு. Tools மெனுவில் Effects and Filters, அதில் Compressor, அதாவது பெரிய சத்தங்களை அமுக்கி ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி. ஆனால் அதை 'ஆன்' செய்துவிட்டு, "ஒன்றும் மாறவில்லையே" என்று விட்டுவிடுபவர்கள் நிறைய.

பெரும்பாலும் தவறு Threshold-ல்தான் இருக்கும். அந்த அளவைத் தாண்டும் சத்தத்தை மட்டுமே கம்ப்ரஸர் அமுக்கும். டிஜிட்டல் ஒலியில் உச்சம் 0 டெசிபல், மற்றதெல்லாம் மைனஸ். ஒரு படத்தில் வசனம் -30-லும், வெடி -5-லும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடைவெளி 25 டெசிபல். Threshold -11, Ratio 4 என்றால், வெடி தாண்டுவது 6 டெசிபல். அது நாலில் ஒரு பங்காகி, வெடி -9.5-க்கு இறங்கும். இடைவெளி இன்னும் 20-க்கு மேல் இருக்கிறது, காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. Threshold-ஐ -25-க்கு இறக்கினால் வெடி ஏறக்குறைய -20-க்கு வந்துவிடும். வசனம் தொடப்படாது. இடைவெளி 10 டெசிபல்தான்.

அடுத்தது, Makeup gain-ஐ மறந்துவிடுவது. கம்ப்ரஸர் வெடியைக் குறைத்ததே தவிர, வசனத்தை உயர்த்தவில்லை. Makeup gain 12 வைத்தால் வசனம் -18, வெடி -8. அப்புறம் டிவி சத்தத்தை நன்றாகக் குறைத்தாலும் பேச்சு புரியும். ஆசைப்பட்டு 20-க்கு மேல் ஏற்றினால் வெடி உச்சத்தை முட்டிக் கரகரக்கும்.

சத்தம் Threshold-ஐத் தாண்டியதும் அமுக்க எடுக்கும் நேரம்தான் Attack. அதை 200 மில்லிசெகண்ட் வரை விட்டால் வெடியின் முதல் அடி முழுசாக வெளியே வந்துவிடும், தூங்குபவரை எழுப்புவது அதுதான். 10 அல்லது 20 போதும். சத்தம் இறங்கியபின் அமுக்குவதை விட எடுக்கும் நேரமான Release மிகக் குறைவாக இருந்தால் பின்னணி இரைச்சல் மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கும். மிக அதிகமானால் வெடிக்குப் பின் வரும் வசனம் அமுங்கிப்போகும். 300-ல் தொடங்கிக் கேட்டுப் பாருங்கள்.

ஹோம் தியேட்டருக்கு ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் பாஸ்த்ரூ ஆனில் இருந்தால் இந்த ஸ்லைடர் எதுவும் வேலை செய்யாது. அப்போது ஆம்ப்ளிஃபயரிலேயே நைட் மோடு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இடத்திலும் சேர்த்து அமுக்க வேண்டாம், வசனம் உயிரில்லாமல் தட்டையாகிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினால், காரணம் பேஸ் என்னும் கனத்த ஒலி. சுவரைத் தாண்டிப் போவது பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகள்தான், கம்ப்ரஸர் அவற்றைத் தனியாகப் பிரித்துக் குறைக்காது. சப்வூஃபரை அணைத்துவிட்டு, Equalizer-ல் இடது கோடியில் உள்ள இரண்டு ஸ்லைடர்களை இறக்குங்கள். வசனம் புரிவதற்கு அவை பெரிதாகத் தேவையில்லை.