ஏஐ எடிட்டர் கெடுத்த சின்ன எழுத்தை நாமே தட்டச்சு செய்து சரிசெய்வது எப்படி?

தாராவியில் அண்ணி வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கிறார். விலைப் பட்டியலை ஒரு அட்டையில் அச்சடித்து வைத்திருந்தார். அதைப் போனில் படம் பிடித்து, பின்னால் வாழை இலை வருகிற மாதிரி மாற்றித் தரச் சொன்னார். ஒரு ஏஐ எடிட்டரில் போட்டேன், அரை நிமிடத்தில் வந்துவிட்டது. இலை அழகாக இருந்தது, மேலே பெரிதாக இருந்த தலைப்பும் சரியாக இருந்தது. அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டோம்.

மறுநாள் ஒருவர் கொள்ளு முறுக்கு கேட்டு வந்து, அரை கிலோவுக்கு 130 ரூபாயை நீட்டினார். அட்டையில் இருந்த விலை 180. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் 8 பாதி கரைந்து 3 ஆகியிருந்தது. "கொள்ளு" என்பதில் புள்ளியே இல்லை. "என்ன தம்பி, கடையையே மாத்திட்டீங்க" என்றார் அண்ணி.

நான் எழுத்தைத் தொடச் சொல்லவே இல்லையே, பின்புறத்தைத்தானே மாற்றச் சொன்னேன்? எனக்கும் அதுதான் புரியவில்லை. இந்த எடிட்டர்களில் பல, படத்தைப் பிக்சல் பிக்சலாக வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. முதலில் சுருக்குகின்றன. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகளை எடுத்துக்கொண்டால், 8×8 பிக்சல் கட்டம் ஒன்று வெறும் 4 எண்களாகச் சுருங்கும். 64 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 3 நிறம், மொத்தம் 192 எண்கள் இருந்த இடத்தில் 4. புதிய மாடல்கள் சிலவற்றில் 16. கடைசியில் அதிலிருந்து படத்தைத் திரும்ப வரைகிறது. நாம் தொடாத பகுதியும் இந்தச் சுருக்கி விரிக்கும் வழியாகப் போய்வந்தால், அங்கே உள்ள நுணுக்கமும் போய்விடும்.

என் அட்டையையே கணக்குப் பார்ப்போம். போன் படம் 3,000 பிக்சல் அகலம், அதில் விலை எழுத்தின் உயரம் சுமார் 48 பிக்சல். எடிட்டர் திருப்பித் தந்தது 1,024 அகலம்தான். அப்படியானால் எழுத்து 16 பிக்சல், அதாவது இரண்டு கட்ட உயரம். மெய்யெழுத்தின் புள்ளி இரண்டு மூன்று பிக்சல்தான். அதற்கு அந்த 4 எண்களில் எங்கே இடம்? மிச்சத்தை மாடல் உத்தேசமாக வரைகிறது. அதற்கு அது எழுத்து அல்ல, கோடும் வளைவும். தலைப்பு தப்பியதற்குக் காரணம், அது பல கட்டங்களில் பரவியிருந்ததுதான். "எழுத்தைச் சரிசெய்" என்று மறுபடி கேட்டுப் பார்த்தேன். 130 போய் 160 வந்தது.

சரி, வேலைக்கு வருவோம். நான் பயன்படுத்துவது கிம்ப் (GIMP) என்ற படம் திருத்தும் மென்பொருள். இலவசம் என்பதற்காக மட்டும் இல்லை, காரணம் கீழே வருகிறது.

1. வாசகத்தை மூலத்திலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். ஏஐ தந்த படத்தைப் பார்த்து எழுதாதீர்கள். கண் பழக்கத்தில் தப்பையும் சரியாகவே வாசித்துவிடும். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் அடித்தேன்.

2. முதலில் படத்தைப் பெரிதாக்குங்கள். `Image > Scale Image` போய் அகலத்தை 2,048 ஆக்கினேன். இலை கொஞ்சம் மங்கினாலும் யாரும் கவனிக்கப்போவதில்லை. எழுத்தை அடித்த பிறகு பெரிதாக்கினால்தான் அது மங்கும்.

3. கெட்ட எழுத்தை மூடுங்கள். ஒவ்வொரு வரியாக அழிக்க `Clone` கருவியோடு ஒரு மணி நேரம் போராடினேன். அட்டையின் வெளிச்சம் ஒரு பக்கம் கூடுதல், மறுபக்கம் குறைவு என்பதால் ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி ஆனது. கடைசியில் புதிய லேயர் ஒன்றில் முழுப் பட்டியலையும் மூடும்படி ஒரே செவ்வகத்தைத் தேர்ந்தெடுத்து, அட்டையின் சந்தன நிறத்தை நிரப்பினேன். இரண்டு நிமிட வேலை, பார்க்கவும் சுத்தம்.

4. அடியுங்கள். இங்கேதான் எனக்கு ஒரு நாள் போனது. முதலில் வேறொரு பழைய மென்பொருளில் அடித்தேன். "கொள்ளு" என்று ஒட்டினால் கொம்பு க-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. எழுத்துரு கோளாறு என்று நினைத்து ஏழெட்டு எழுத்துருக்களை மாற்றிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் அதே கதை. கோளாறு எழுத்துருவில் இல்லை. யூனிகோடில் க முதலில், கொ-வுக்கான உயிர்க்குறி அடுத்து என்றுதான் பதிவாகும். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்துக் கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் வைப்பது, எழுத்தைக் கோக்கிற மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்யத் தெரியாத மென்பொருளில் எந்த எழுத்துருவைப் போட்டாலும் இதே கதைதான். கிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டும் அதைச் சரியாகச் செய்கின்றன. உங்கள் மென்பொருளைச் சோதிக்க "கொழுக்கட்டை" என்று அடித்துப் பாருங்கள். கொம்பு இடம் மாறினாலோ, புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று தெரிந்தாலோ விட்டுவிட்டு வேறு பாருங்கள்.

எழுத்துரு என் விருப்பம் Mukta Malar. Noto Sans Tamil-உம் நல்லதுதான், ஆனால் சின்ன அளவில் எனக்கு முன்னதுதான் கண்ணுக்கு இதம்.

பெயரையும் விலையையும் ஒரே பெட்டியில் அடித்து நடுவில் ஸ்பேஸ் தட்டி நேராக்கப் பார்க்காதீர்கள், நேராகவே வராது. பெயர்களுக்கு ஒரு பெட்டி, இடப்பக்கம் ஒட்டி. விலைகளுக்கு இன்னொன்று, வலப்பக்கம் ஒட்டி. இரண்டுக்கும் ஒரே எழுத்தளவும் வரி இடைவெளியும் வைத்தால் வரிகள் தாமாகவே பொருந்தும்.

5. சேமியுங்கள். கிம்பின் XCF கோப்பு ஒன்று, அனுப்புவதற்கு PNG ஒன்று. தீபாவளிக்கு விலை ஏறும்போது XCF-ஐத் திறந்து எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.

சரிபார்க்க 200 சதவீதம் பெரிதாக்கி, எண்களை முதலில் பாருங்கள். எழுத்து சிதைந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும், எண் சிதைந்தால் இன்னொரு நல்ல எண்ணாகவே நிற்கும். படத்தில் உள்ள போன் நம்பரைப் பார்த்து, என் போனிலிருந்து அந்த எண்ணை அழைத்தேன். சமையலறையில் அண்ணியின் போன் அடித்த பிறகுதான் குழுவில் போட்டோம்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், எல்லாம் அடித்து முடித்த பிறகு "வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டு" என்று மறுபடி ஏஐ எடிட்டரில் போட்டிருக்கிறார். அடித்த எழுத்து மொத்தமும் திரும்பக் குழைந்துவிட்டது. படத்தில் கலந்த பிறகு நாம் அடித்த எழுத்தும் அதற்கு வெறும் கோடுதான். ஆகவே ஏஐ வேலை முழுவதும் முதலில், எழுத்து கடைசியில். வெளிச்சத்தை கிம்பின் `Colors` மெனுவிலேயே, எழுத்து லேயரைத் தொடாமல் கூட்டலாம்.

இன்னொருவர், பாமினி எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தும் பாமினி வடிவம் வரவில்லை என்றார். பாமினி பழைய முறை. ஆங்கிலக் குறிகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும், அதில் "அம்மா" என்பது உண்மையில் `mk;kh` என்று பதிவாகும். யூனிகோடில் அடித்தால் அதற்குப் புரியாது, மென்பொருள் வேறு எழுத்துருவை எடுத்துப் போட்டுவிடும். பாமினியில் வைத்திருக்கும் பழைய பட்டியலை ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டு, பிறகு ஒட்டுங்கள். மாற்றிய பின்னும் விலைகளை ஒருமுறை அட்டையோடு ஒப்பிடுங்கள்.