மறுப்புப் பத்தி என் கட்டுரையைக் கவிழ்த்தது ஏன்?

பள்ளியில் கைபேசிக்குத் தடை வேண்டும் என்பது என் கட்டுரையின் மையக் கருத்து. எதிர்வாதமாக நான் எழுதியிருந்தது: "சில மாணவர்கள் விளையாட ஆசைப்படுவார்கள்." அப்படி யாரும் வாதாடுவதில்லை. எளிதில் வீழ்த்தக்கூடிய பொம்மையை நிறுத்தியதால், பதிலுக்கும் எடை இல்லாமல் போனது.

எதிர்த்தரப்புப் பெற்றோர் உண்மையில் சொல்வதையே பிறகு எழுதினேன்: "பிள்ளை வரத் தாமதமானால் எங்களுக்கு எப்படித் தெரியும்?" அவர்களே படித்தாலும் தலையசைக்கும்படி 2 வாக்கியங்கள் போதும். அதற்கு மேல் நீண்டால் கட்டுரை அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும்.

பதிலை "இது தவறு" என்று தொடங்காமல், நியாயமான பகுதியை முதலில் ஒப்புக்கொண்டேன்: "அந்தக் கவலை நியாயமானது. ஆனால் தாமதம் தெரிவது பள்ளி விட்ட பிறகு. பாட நேரத்தில் அவசரம் என்றால் அலுவலகத் தொலைபேசி இருக்கிறது."

இங்கேதான் மையக் கருத்தும் மாறியது. "பள்ளியில் தடை" என்பது "முதல் மணி முதல் கடைசி மணி வரை அணைத்துப் பையில்" என்றானது. ஒப்புக்கொண்டதை மையக் கருத்தில் சேர்க்காமல் விட்டால் இரண்டும் முரண்படும். பல கட்டுரைகள் சறுக்குவது அங்கேதான். அறிமுகப் பத்தியிலும் பழைய சொற்களை நீக்கிப் புதிய மையக் கருத்தையே எழுதினேன்.