சங்கிலியையும் எதிர்ச்சங்கிலியையும் வைத்து வேலை அட்டவணை போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த இருவர், இரவில் ஓடும் கணக்கு வேலைகளுக்கு எத்தனை சர்வர் தேவை என்று கணக்கிட்டுக் கொண்டுவந்தார்கள். விடையைப் பார்த்ததும் எனக்குப் பழைய கோபம் திரும்பி வந்தது. பத்தாண்டுகளுக்கு முன் நான் கொடுத்ததும் அதே வழியில் வந்த, அதே தவறான விடைதான். கூட்டல் பிழை, அம்புக்குறியைத் தலைகீழாகப் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே வெளிப்பட்டுவிடும்.

சில வேலைகள் முடிந்த பிறகுதான் வேறு சிலவற்றைத் தொடங்க முடியும், மற்றவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இந்த அமைப்பையே பகுதி வரிசை என்கிறோம். எந்த இரண்டை எடுத்தாலும் ஒன்று மற்றொன்றுக்கு முந்தியதாக இருக்கும் கூட்டம் சங்கிலி. எந்த இரண்டுக்கும் முன்பின் கட்டாயம் இல்லாத கூட்டம் எதிர்ச்சங்கிலி. மிக நீண்ட சங்கிலியில் h வேலைகள் இருந்தால், எல்லா வேலைகளையும் சரியாக h எதிர்ச்சங்கிலிகளாகப் பிரித்துவிடலாம் என்பது மிர்ஸ்கி 1971இல் வெளியிட்ட தேற்றம். மிகப் பெரிய எதிர்ச்சங்கிலியில் w வேலைகள் இருந்தால், எல்லாவற்றையும் w சங்கிலிகளாகப் பிரிக்கலாம் என்பது டில்வொர்த் 1950இல் வெளியிட்டது. மொத்த வேலைகள் h × w-ஐத் தாண்டாது என்பது இரண்டில் எதிலிருந்தும் கிடைத்துவிடும்.

மிகப் பெரிய எதிர்ச்சங்கிலியின் அளவுக்கு ஆள் அமர்த்துவது

நான் செய்த தவறு இதுதான். அதன் சுருங்கிய வடிவத்தைச் சொல்கிறேன். ஒன்பது வேலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம். தரவைப் பெறுதல், சரிபார்த்தல், கணக்கிடுதல், தொகுத்தல், அனுப்புதல் ஆகிய ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும். இவை தவிர நான்கு கிளைகளுக்கான அறிக்கைகள் உண்டு. தரவு வந்துவிட்டால் போதும், அந்த நான்கையும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

மிக நீண்ட சங்கிலி 5. ஆகவே எத்தனை சர்வர் இருந்தாலும் ஐந்து மணி நேரத்துக்கு முன் முடியாது. மிகப் பெரிய எதிர்ச்சங்கிலியும் 5: நான்கு அறிக்கைகளும் சரிபார்த்தலும். டில்வொர்த் சொல்கிறபடி குறைந்தது ஐந்து சங்கிலிகள் வேண்டும், ஒரு சங்கிலிக்கு ஒரு சர்வர், எனவே ஐந்து சர்வர் என்று எழுதிக் கொடுத்தேன். நிறுவனம் அதை நம்பி ஓராண்டுக்கு வாடகை கட்டியது. இரவுப் பதிவேட்டை முதன்முதலில் திறந்து பார்த்த அன்று, இரண்டாம் மணி முடிந்த பிறகு நான்கு சர்வர்கள் காலைவரை சும்மா இருந்தது தெரிந்தது.

இரண்டே சர்வர் போதும். முதல் மணியில் தரவைப் பெறுதல். அடுத்த நான்கு மணியில் ஒரு சர்வர் சரிபார்த்தலிலிருந்து அனுப்புதல்வரை போகட்டும். மற்றது மணிக்கொரு அறிக்கையாக நான்கையும் முடிக்கட்டும். அதே ஐந்து மணி.

டில்வொர்த் தேற்றத்தில் தவறில்லை. அதனிடம் நான் கேட்ட கேள்விதான் தவறு. இரண்டாவது சர்வர் செய்த நான்கு அறிக்கைகளும் ஒரு சங்கிலி அல்ல. அவற்றுக்குள் முன்பின் எதுவும் விதிக்கப்படவில்லை. அந்த வரிசையை நாம் வைத்துக்கொண்டோம். தேற்றம் பேசுவதோ ஏற்கெனவே விதிக்கப்பட்ட வரிசையைப் பற்றி மட்டுமே. ஒரு சர்வருக்குப் போகும் வேலைகள் எல்லாம் ஒரு சங்கிலியாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தாதபோது, அந்தக் கட்டாயத்தை நானே கொண்டுவந்து சேர்த்துவிட்டேன்.

w சர்வர் இருந்தால் போதும் என்பது உண்மை. எந்த நேரத்திலும் தொடங்கத் தயாராக இருக்கும் வேலைகள் ஓர் எதிர்ச்சங்கிலிதான், ஆகவே w-க்கு மேல் ஒரு சர்வருக்கும் வேலை இருக்காது. ஆனால் அது மேல் எல்லை. ஐந்து மணியில் முடிக்க இங்கே உண்மையான கீழ் எல்லை, ஒன்பதை ஐந்தால் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கிய 2. எல்லா அமைப்பிலும் இந்தக் கீழ் எல்லையை எட்ட முடியாது. விடை இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் எங்கோ இருக்கும், அதை அட்டவணை போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அட்டவணையிலும் ஒரு கண்ணி உண்டு. அதே இரண்டு சர்வரில், தரவு வந்தவுடன் அறிக்கைகளை முதலில் எடுத்துக்கொண்டால், இரண்டாம் மூன்றாம் மணிகள் அவற்றுக்கே போய்விடும். பிறகு மீதமுள்ள நான்கு வேலைகளை ஒரு சர்வர் வரிசையாகச் செய்ய, மற்றது வெறுமனே நிற்கும். ஏழு மணி ஆகிவிடும். தனக்குப் பின்னால் நீண்ட சங்கிலி காத்திருக்கும் வேலையைத்தான் முதலில் எடுக்க வேண்டும். ஒரு மணி வேலைகளில், தயாராக இருக்கும் எதையும் சர்வர் விட்டுவைக்காதவரை, எவ்வளவு மோசமாகத் தேர்ந்தெடுத்தாலும் h + (n − h)/m-ஐ மீறாது. இங்கே மொத்த வேலைகள் n = 9, h = 5, சர்வர்கள் m = 2; 5 + 4/2 = 7. அந்த உச்சத்தையே தொட்டுவிட்டோம்.

டில்வொர்த் அப்படியே பொருந்தும் இடம் ஒன்று உண்டு: தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் மாற்ற முடியாதபடி குறிக்கப்பட்ட பயணங்கள். ஒரு பயணத்தை முடித்த பஸ் அடுத்த பயணத்தின் தொடக்க இடத்துக்கு நேரத்தில் போய்ச் சேர முடியுமா என்பதே அங்கே வரிசை. ஒரு பஸ் ஓட்டும் பயணங்கள் சங்கிலியாகத்தான் இருந்தாக வேண்டும், ஆகவே w பஸ்கள் கட்டாயம் தேவை. டான்ட்ஸிக்கும் ஃபுல்கெர்சனும் 1954இல் எண்ணெய்க் கப்பல்களை வைத்து ஆராய்ந்த கேள்வி இதுவே. அறிக்கைகள் நான்கும் சரியாக இரண்டாம் மணியிலேயே ஓட வேண்டும் என்று யாராவது விதித்திருந்தால் நான் கேட்ட ஐந்து சர்வரும் நியாயமே.

நீண்ட சங்கிலியை உரித்து உரித்து எடுப்பது

மிர்ஸ்கியின் தேற்றத்துக்கு உரித்தல் வேலை செய்யும். ஒவ்வொரு வேலைக்கும், அதில் வந்து முடியும் மிக நீண்ட சங்கிலியின் நீளத்தை எண்ணாகக் கொடுங்கள். ஒரே எண் பெற்றவற்றை ஓர் அடுக்காக உரித்தெடுங்கள். ஒரே அடுக்கில் உள்ள இரண்டுக்குள் முன்பின் இருக்க முடியாது. இருந்தால் பிந்தியதன் எண் ஒன்றாவது கூடியிருக்கும். நிரூபணம் அவ்வளவுதான். இதைப் பார்த்த கையோடு, சங்கிலிகளையும் நீளமானதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தால் டில்வொர்த் கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். கிடைக்காது.

அ1, அ2, அ3 ஒரு தொடர். ஆ1, ஆ2, ஆ3 இன்னொன்று. கூடவே அ2 முடிந்தால்தான் ஆ2. மிக நீண்ட சங்கிலி அ1, அ2, ஆ2, ஆ3. அதை எடுத்துவிட்டால் அ3-உம் ஆ1-உம் தொடர்பற்று நிற்கும். மொத்தம் மூன்று சங்கிலிகள். முதலில் சொன்ன இரண்டு தொடர்களே போதுமானவை.

அடுக்குகளில் பெரியதை w என்று எடுப்பது

அடுக்கு எதிர்ச்சங்கிலிதான், மிகப் பெரியது என்ற உறுதி இல்லை. தரவு வந்தபின் இரண்டு அறிக்கைகள், எதையும் சாராத ஒரு காப்புப் பிரதி வேலை: அடுக்குகள் 2, 2. ஆனால் அறிக்கைகளும் காப்புப் பிரதியும் சேர்ந்து 3.

நேரடி அம்புகளை மட்டும் கணினிக்குக் கொடுப்பது

சங்கிலிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்கு, ஒவ்வொரு வேலையையும் அதற்குப் பிந்திய ஒன்றோடு இணை சேர்க்கும் பொருத்தம் காணும் நிரலை ஓட்டும்போது மறைமுகத் தொடர்புகளையும் சேர்க்க வேண்டும். இரண்டு வேலைகள் ஒன்றில் கூடி, அதிலிருந்து இரண்டு பிரிந்தால் விடை 2. நேரடி அம்புகள் மட்டும் என்றால் நிரல் 3 என்று சொல்லும். அந்த ஐந்தில் மூன்று வேலை கொண்ட எதிர்ச்சங்கிலியைத் தேடிப் பாருங்கள். இல்லை என்பதிலேயே பிழை பிடிபட்டுவிடும்.